கூட்டம் கலைந்த பிறகு நாம் சொல்லும் நன்றி

(புரட்டாசி கருட சேவைக் கூட்டம் அமைதியாகக் கடந்து சென்றதற்காக, சித்தூரில் கூட்டிய நன்றி தெரிவிப்புக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



2025 செப்டம்பர் 28-ஆம் நாள் நடந்த கருட சேவைக்கு இப்போதுதானா நன்றி என்று சிலர் கேட்டார்கள். பொருத்தமான கேள்விதான். திருவிழா முடிந்த மறுவாரமே மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கலாம். ஆனால் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு அந்த மாதம் ஓய்வு கிடையாது. பிரம்மோற்சவம் முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் மழை, மழை முடிந்தால் வைகுண்ட ஏகாதசி, பிறகு சங்கராந்தி. துடைப்பம் பிடித்த கைக்கும் லத்தி பிடித்த கைக்கும் ஒருசேர ஓய்வு கிடைக்கும் மாலையைத் தேடியே இத்தனை நாள் ஆகிவிட்டது. வராதவர்களை விட்டுவிட்டு நன்றிக் கூட்டம் நடத்துவது நம் சங்கத்தின் வழக்கம் அல்ல.

நன்றி என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள். எதற்கு நன்றி என்று சொல்பவர்கள் குறைவு. "ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், யார் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். தெரியாமல் போனால் அடுத்த ஆண்டு அந்த வேலை நடக்காமலும் போகலாம். ஆகவே இன்று வேலையைச் சொல்லி நன்றி சொல்லப் போகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவை முதலில் நினைவுபடுத்துகிறோம். செப்டம்பர் 27, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. வேலூர், காட்பாடிப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள் சித்தூரைத் தாண்டிக் கொண்டிருந்தார்கள். மஞ்சள் துணி, தோளில் மூட்டை, இடுப்பில் குழந்தை. நம் பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தலில் நின்று நீர்மோர் ஊற்றிக் கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கரூரிலிருந்து செய்தி வந்தது. ஓர் அரசியல் கட்சியின் கூட்டத்தில், வேலுச்சாமிபுரம் என்ற இடத்தில், பகலெல்லாம் காத்திருந்த மக்கள் நெரிசலில் சிக்கி மாண்டார்கள் என்று. எண்ணிக்கை மணிக்கு மணி ஏறியது. முடிவில் 41 உயிர்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

ஊரிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. "திரும்பி வந்துடுங்க, சாமி அடுத்த வருஷமும் இருக்கும்" என்று அழுத தாய்மாரின் குரல்கள் நம் பந்தலில் நின்றவர்களுக்கும் கேட்டன. சிலர் திரும்பவும் செய்தார்கள். பெரும்பாலோர் நடந்தார்கள். மறுநாள் மாலை திருமலையில் கருட வாகனம். பிரம்மோற்சவத்தின் ஒன்பது நாளில் மிகப் பெரிய கூட்டம் கூடும் மாலை அது. மாட வீதிகளின் பார்வையாளர் படிகளில் மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் உட்காருவார்கள் என்பது தேவஸ்தானத்தின் கணக்கு.

அந்தக் கூட்டம் அமைதியாகக் கூடி அமைதியாகக் கலைந்தது. நடந்து போன நம் மக்கள் வீடு திரும்பினார்கள். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

அமைதியாக முடிந்த நாளைப் பற்றிப் பத்திரிகைகள் நான்கு வரி எழுதும். அப்படி முடியாத நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். ஆகவே அமைதி எப்படி உண்டாயிற்று என்பதை அறிய, அமைதி குலைந்த ஒரு நாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாளும் நம் திருப்பதியில்தான். 2025 ஜனவரி 8.

ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசி. முதல் மூன்று நாள் தரிசனத்துக்கான சீட்டுகளை ஜனவரி 9 விடியற்காலை 5 மணிக்குத் திருப்பதியில் பல இடங்களில் வழங்குவதாக அறிவிப்பு. விடியற்காலை என்றால் முதல் நாளே போய் இடம் பிடிப்பதுதான் நம் நாட்டு வழக்கம். ரேஷன் கடையானாலும் சரி, பள்ளிக்கூடச் சேர்க்கையானாலும் சரி, நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். எட்டாம் தேதி பகலிலிருந்தே மக்கள் குவிந்தார்கள். பைராகிப்பட்டடையில் பள்ளிக்கூடத்தில் அமைத்த சீட்டு மையத்துக்கு அருகே ஒரு பூங்காவுக்குள் கூட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். இரவு ஆயிற்று. உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தார்கள் என்பதே அதிகாரிகள் அப்போது தந்த விளக்கம். உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பெண் தெரியவில்லை; கதவு மட்டுமே தெரிந்தது. சீட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணி எல்லோரும் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். அன்றிரவு திருப்பதியில் ஆறு உயிர்கள் போயின. தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அதில் உண்டு. அரசு நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. நாம் இங்கே யார் மீதும் குற்றப் பத்திரிகை வாசிக்க வரவில்லை. அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் பாருங்கள் என்கிறோம்.

ஒரு மீட்டர் அகலமுள்ள வாசலில், தடையில்லாமல் நடந்தால், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் போகலாம் என்பது இந்தத் துறை அறிந்தவர்களின் கணக்கு. அதுவும் கைவீசி நடக்கிற கூட்டத்துக்கு. மூட்டையும் குழந்தையுமாக வருகிற நம் கூட்டத்துக்கு இன்னும் குறையும். ஒரு பேச்சுக்கு, 2,000 பேர் நிற்கிறார்கள், வாசல் இரண்டு மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 160 பேர். எல்லோரும் வெளியேறப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆகும். ஆனால் 2,000 பேரும் முதல் நிமிடத்திலேயே போக நினைப்பார்கள். மீதி 1,840 பேரின் உடல்களும் அந்த இரண்டு மீட்டருக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும். பின்னால் நிற்பவன் கெட்டவன் அல்ல. முன்னால் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. முன்னே ஒரு தாய் மூச்சுக்குத் திணறும்போது, பின்னே ஒருவன் "நகருங்கய்யா, வழி விட்டாச்சு" என்று நல்ல எண்ணத்தோடுதான் தள்ளுகிறான்.

நெரிசலில் மாண்டவர்களை மிதிபட்டு மாண்டார்கள் என்று சொல்லிவிடுகிறோம். பலர் நின்ற நிலையிலேயே மாள்கிறார்கள். நெஞ்சு விரிய இடமில்லாமல் போனால் மூச்சு உள்ளே போகாது. ஒரு சதுர மீட்டரில், அதாவது ஒரு சிறிய பாய் விரிக்கும் இடத்தில், நான்கு பேர் நிற்பது நெருக்கம். ஆறு ஏழு பேரானால் கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கத் தொடங்கும். தனி மனிதன் தன் காலைத் தானே வைக்க முடியாது. 2022-இல் தென்கொரியத் தலைநகர் சியோலில், இட்டேவோன் என்ற இடத்தில், சரிவான ஒரு சந்தில் 159 பேர் மாண்டது இப்படித்தான். அங்கே பணத்துக்கோ கல்விக்கோ பஞ்சமில்லை. சந்து நான்கு மீட்டர் அகலம்கூட இல்லை. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நடுவில் நிறுத்தி அனுப்ப ஆள் இல்லை.

இப்போது செப்டம்பர் 28-க்கு வருவோம். அன்று என்ன செய்தார்கள்?

முதலாவது, கூட்டத்தை மலை மேல் ஓரிடத்தில் குவியவிடாமல், கீழிருந்தே பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள். மலைக்குப் போகும் வழியே இதற்கு ஒரு பாடம். 1944-இல் போட்ட முதல் மலைப்பாதை ஒன்றுதான் முன்பு ஏறவும் இறங்கவும். 1974-இல் இரண்டாவது பாதை வந்த பிறகு, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று ஆயிற்று. எதிரும் புதிருமாக வண்டி வராது. அந்த ஒருவழி ஏற்பாட்டைத்தான் மனிதக் கூட்டத்துக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. கருட சேவையை ஒட்டி இரு சக்கர வண்டிகளை மலைப்பாதையில் விடுவதில்லை. சொந்த வண்டிகளில் வருகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பதியிலேயே நிறுத்தச் செய்து, அரசுப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். பேருந்து என்பது போக்குவரத்துக்கு மட்டுமல்ல, அளவுக்கும் உதவுகிறது. ஒரு பேருந்தில் ஐம்பது அறுபது பேர். மேலே நெருக்கம் என்று தகவல் வந்தால் கீழே இரண்டு பேருந்தை நிறுத்தினால் போதும். ஆயிரம் சொந்த வண்டிகளை அப்படி நிறுத்த முடியுமா? "வண்டியை ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்" என்று அலிபிரியில் சண்டை பிடித்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்த ஏச்சையெல்லாம் நின்று வாங்கிக் கொண்ட காவலர்களுக்கு முதல் நன்றி.

இரண்டாவது, உட்கார வைத்தார்கள். இதை எளிதாக நினைக்காதீர்கள். நான்கு மாட வீதிகளிலும் படிகளில் காலையிலிருந்தே மக்கள் உட்கார்ந்து விடுகிறார்கள். உட்கார்ந்த கூட்டம் தள்ளாது. உட்கார்ந்தவனுக்குத் தன் இடம் தனக்கு என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அவனுக்குச் சோறும் தண்ணீரும் மோரும் இருந்த இடத்துக்கே வந்தால், எழுந்து அலைய வேண்டிய தேவை இல்லை. படிகள் நிறைந்தவுடன் வாசலை மூடி, வெளியே இருப்பவர்களை வெளிச் சாலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படி வெளியே நிற்பவன் என்ன ஆவான்? மூன்றாவது வேலை அங்கேதான். எனக்கும் தரிசனம் கிடைக்கும் என்று நம்பினால் அவன் காத்திருப்பான். கிடைக்காது என்று தோன்றினால் இடிப்பான். அதனால்தான் கருடன் புறப்பட்ட பிறகு, சுபதம், தென்மேற்கு மூலை, வடமேற்கு மூலை, கோவிந்த நிலையம் பக்கம் என்று நான்கு பக்கமிருந்தும் வெளியே நிற்பவர்களைச் சிறு சிறு தொகுதியாக உள்ளே விட்டு, தரிசனம் ஆனதும் வேறு வழியாக வெளியே அனுப்புகிறார்கள். வந்த வாசலில் போவதில்லை. வாகனமும் அவசரப்படுவதில்லை. மாலை ஆறரை மணிக்குப் புறப்பட்டால், காத்திருப்பவர்கள் பார்த்து முடிக்கும் வரை நின்று நின்று, நள்ளிரவை ஒட்டித்தான் நிலைக்கு வரும். கரூரில் மக்கள் ஒரு வண்டிக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். திருமலையில் வாகனம் மக்களுக்காகக் காத்திருந்தது.

கயிற்றைப் பிடித்துக் கொண்டு அந்தத் தொகுதிகளுக்கு நடுவே நிற்கிற காவலர்களில் பலர் மாநிலத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றவர்களை நம் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களில் பெண் காவலர்களும் உண்டு. சாப்பிட ஒருவர் போனால் அடுத்தவர் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உழைப்பாளி என்றால் ஆலையில் இருப்பவன் மட்டும்தானா? அவர்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசுகிறவர்கள். நடந்து வருகிற கூட்டத்தில் பாதி தமிழ் பேசுகிறது. "ஆகண்டி" என்றால் நில் என்று நமக்குத் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து முதல் தடவையாக வரும் பாட்டிக்குத் தெரியாது. அதட்டுகிறார் என்று பயந்து ஓடுவாள். நெரிசலில் வதந்தி எப்படிப் பிறக்கிறது என்றால் இப்படித்தான்: புரியாத ஒரு சொல், அதற்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் தப்பான அர்த்தம். திருமலையில் ஒலிபெருக்கியில் தமிழிலும் அறிவிக்கிறார்கள். கீழே, சாலையில், அந்த வசதி இல்லை. புத்தலப்பட்டுச் சாலையில் நம் பந்தலுக்கு அருகே நின்ற ஏட்டு ஒருவர் நம் பையன்களைக் கூப்பிட்டு, "நேனு செப்பிந்தி மீரு அரவல்லோ செப்பண்டி" என்று, தான் சொல்வதைத் தமிழில் சொல்லச் சொன்னார். இரவு முழுவதும் அவர் தெலுங்கில் சொல்ல, நம் பிள்ளைகள் தமிழில் சொன்னார்கள். லாரி வருகிறது, ஓரம் போங்கள். இந்தப் பக்கம் கழிவறை. முன்னால் கூட்டம் நிற்கிறது, உட்கார்ந்து கொள்ளுங்கள். பெரிய மாநாடுகளில் மொழிப் பிரச்சினையைப் பற்றித் தீர்மானம் போடுகிறோம். அந்த ஏட்டு தீர்மானம் எதுவும் போடவில்லை. அவர் பெயரைச் சொன்னால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று தயங்கினார், ஆகவே சொல்லவில்லை. அவர் இங்கே வந்திருக்கிறார். அவருக்குத் தெரியும்.

இனி துப்புரவுத் தொழிலாளத் தோழர்களுக்கு. இதைத்தான் நாங்கள் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். காவலருக்கு நன்றி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். இவர்களை மேடைக்கு அழைத்தவர் யார்?

கூட்டம் போன பிறகு குப்பை அள்ளுகிறவர்கள் என்றுதான் இவர்களைப் பற்றி நினைக்கிறோம். நாங்கள் சொல்கிறோம், கூட்டம் பத்திரமாகப் போவதற்கே இவர்கள்தான் காரணம். எப்படி என்று கேளுங்கள். நடந்து வரும் பெண் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? நம் பந்தலில் நீட்டிய மோரை எத்தனை பெண்கள் "வேணாம்பா" என்று ஒதுக்கினார்கள்! தாகம் இல்லாமல் அல்ல. குடித்தால் எங்கே போவது என்ற கவலை. கழிவறை இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாமல் இருந்தால், இல்லாததற்குச் சமம். குடிக்காமல் புழுக்கத்தில் நடந்து, கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்கிறவள் மயங்கி விழுகிறாள். விழுந்தவளைத் தூக்க வழி விட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். ஜனவரி எட்டாம் தேதி ஒரு கதவு எதற்காகத் திறக்கப்பட்டது என்று சற்று முன்பு சொன்னோம். அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மயக்கம் ஒவ்வொன்றும் நெரிசலுக்கு ஒரு வாசல் என்பது இதிலிருந்து தெரிகிறது. மணிக்கொரு தடவை தண்ணீர் அடித்து, பினாயில் ஊற்றிக் கழிவறையைக் கழுவிய பெண்மணி, ஒலிபெருக்கி பிடித்த அதிகாரிக்குக் குறையாமல் கூட்டத்தைக் காத்தாள்.

அடுத்து, சாலை. திருமலைக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகத் தடை. நல்ல தடைதான். ஆனால் தடை செய்தவுடன் பாட்டில் மறைந்துவிடுமா? அலிபிரியில் சோதனைக்கு முன்னால் அது கீழே விழுகிறது. பாட்டில், பாக்குமட்டைத் தட்டு, காகிதக் குவளை, அறுந்த செருப்பு, வாழைப்பழத் தோல். இருட்டில், வெறுங்காலில், ஆயிரக்கணக்கானவர் நடக்கும் இடத்தில் ஒரு பாட்டில் உருண்டால் ஒருவர் விழுவார். ஒருவர் விழுந்தால் அவருக்குப் பின்னால் வருகிறவர் நிற்பார், அல்லது அவர் மேல் விழுவார். திருவிழா முடிந்த மறுநாள் அள்ளினால் போதாது. கூட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே, அதன் நடுவே குனிந்து அள்ள வேண்டும். கூட்டத்தில் குனிவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. அதனால் இவர்கள் இருவர் இருவராக வேலை செய்தார்கள். ஒருவர் கையை விரித்துக் கூட்டத்தைப் பிரித்து நிற்க, இன்னொருவர் அந்த மறைவில் குனிந்து வாரினார். இதை எந்த அதிகாரி சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டோம். சிரித்தார்கள்.

திருப்பதியில் மாநகராட்சியின் தொழிலாளர்கள், மலைமேல் தேவஸ்தானத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், சித்தூரில் நம் மாநகராட்சியின் தொழிலாளர்கள். சீருடை வேறு, கூலி கொடுக்கும் கை வேறு, வேலை ஒன்று. இவர்களில் பெரும்பகுதி நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். 2023 டிசம்பர் இறுதியில் ஆந்திர மாநிலம் முழுவதும் நகராட்சித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2024 ஜனவரி வரை அது நீடித்தது. சம வேலைக்குச் சம ஊதியம், ஒப்பந்த முறை ஒழிப்பு, இவைதான் கோரிக்கைகள். அப்போது தெருவில் குப்பை மலையாகக் குவிந்ததும் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஏசியவர்கள் நம் தெருவிலும் உண்டு. அன்று ஏசிய வாயால் இன்று நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நன்றியாகாது. திருவிழா நாள்களில் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, கையுறையும் காலணியும், குனிந்து அள்ளுகிறவருக்கு இருட்டில் பளிச்சிடும் மேல்சட்டை, இரவு முடிந்ததும் வீடு போக வண்டி. இந்த நான்கையும் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றியின் விலை ஒரு கையெழுத்துதான்.

அண்டை வீட்டார்களே! உங்களுக்குச் சொல்வது சற்றுக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவருக்கு நன்றி சொல்வதைப் போல.

நம் தெருவைப் பற்றிச் சொல்கிறோம். சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் இரு பக்கமும் மோட்டார் சைக்கிள் நிறுத்துவது வழக்கம். சந்து எட்டடி என்றால், வண்டி போக மீதி மூன்றடி. நெடுஞ்சாலையில் நெருக்கம் ஏற்பட்டால் மக்கள் முதலில் ஒதுங்குவது இப்படிப்பட்ட சந்துகளில்தான். வெள்ளிக்கிழமையே வீடு வீடாகப் போய்க் கேட்டோம். யாரும் மறுக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சந்து காலியாகக் கிடந்தது. ஒரு அக்கா வாசற்படியின் மேல் போட்டிருந்த பூந்தொட்டிகளைக்கூட எடுத்து உள்ளே வைத்தார். மாம்பழக்கூழ் ஆலையில் நம் பெண்களோடு வேலை பார்க்கும் இன்னொரு அக்கா, தன் வீட்டுக் கழிவறையின் சாவியை நம் பந்தலில் கொடுத்துவிட்டு, "ஆடவாள்ளகு மாத்ரமே" என்று சொன்னார். பெண்களுக்கு மட்டும். இரண்டு நாளில் எத்தனை பேர் போய் வந்தார்கள் என்று அவர் எண்ணவில்லை; நாமும் எண்ணவில்லை. தண்ணீர்த் தொட்டி நான்கு தடவை நிரம்பியது மட்டும் தெரியும்.

இந்த மண்ணில் எல்லைச் சண்டை நடந்ததுண்டு. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திரத்தோடு நின்றது. மேடைகளில் அந்தக் கதையை இன்னும் சிலர் சூடாகச் சொல்வார்கள். 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்து போயிற்று. வரைபடத்தில் கோடுகள் போடப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. சாவியைக் கொடுத்த அக்கா எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

நம் மக்களுக்கும் இரண்டொரு சொல். அடுத்த புரட்டாசி வரும். வைகுண்ட ஏகாதசிச் சீட்டு விஷயத்தில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. 2025 டிசம்பர் 30 தொடங்கிய தரிசனத்துக்கு, முதல் மூன்று நாள் சீட்டுகளை நேரில் வழங்காமல் இணையக் குலுக்கலில் வழங்கினார்கள். வாசலில் கூட்டம் சேராது என்ற அளவில் இது நல்லது; அந்த ஆறு உயிர்கள் கற்றுக் கொடுத்தது. ஆனால் செங்கல் சூளையில் இருக்கும் நம் குடும்பத்துக்கு இணையம் எங்கே? குலுக்கலில் பெயர் பதியத் தெரியாதவனுக்கு முதல் மூன்று நாள் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. சங்க அலுவலகத்தில் மாலை நேரத்தில் பதிந்து கொடுக்க இரண்டு மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஆதார் அட்டையோடு வாருங்கள். காசு கிடையாது. பதிய முடியாதவர்கள் அலைய வேண்டியதில்லை. மீதி ஏழு நாள்கள் சீட்டில்லாமல் வரிசையில் போகலாம் என்று அப்போது விட்டிருந்தார்கள்.

கூட்டத்தில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாலு பக்கமும் உடல் படத் தொடங்கினால், இனி முன்னே போவதா, விலகுவதா என்று அப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் விருப்பமில்லாமல் கால் நகரத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது. அப்போது இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். மூச்சுக்கு இடம் கிடைக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓய்கிற நொடியில் கோணலாக, ஓரத்தை நோக்கி ஒவ்வொரு அடியாக நகருங்கள். ஆனால் சுவரிலோ தடுப்பிலோ ஒட்டிக் கொள்ளாதீர்கள், நசுங்குவது அங்கேதான். செருப்பு போனால் போகட்டும், குனியாதீர்கள். குழந்தையைக் கையில் பிடித்து நடத்தாதீர்கள், தூக்கிக் கொள்ளுங்கள். அதன் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். காவலர்கள் கையில் பட்டை கட்டிவிட்டால் வீட்டுக்கு வரும் வரை அவிழ்க்காதீர்கள்.

மனுவை வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாநகராட்சி அலுவலகத்தில் கொடுக்கிறோம். துப்புரவுத் தொழிலாளத் தோழர்கள் இருவரும், சாவி கொடுத்த அக்காவும், சங்கத்தின் சார்பில் மூவரும் போவார்கள். வேலைக்குப் போகாமல் வர முடிகிறவர்கள் வாசலில் வந்து நில்லுங்கள். தடுப்புக்கு வெளியே, வரிசையாக. இப்போது சாப்பாடு தயாராக இருக்கிறது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள். முதல் பந்தி இரவுப் பணிக்குப் போக வேண்டிய காவலர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும். மற்றவர்கள் அடுத்த பந்திக்குக் காத்திருக்கக் கேட்டுக் கொள்கிறோம்.